லூப்புக்குள் லூப்: சிறிய கோருக்கு எந்த பிராஞ்ச் கணிப்பான்?

எஃப்பிஜிஏ பலகையில் ஓடுவதற்காக 32 பிட் ரிஸ்க்-ஃபைவ் கோர் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்து நிலை பைப்லைன், ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. பிராஞ்ச் கணிப்பான் வைக்கவேண்டிய கட்டம் வந்ததும், எல்லாரும் செய்வதைப்போல இரண்டு பிட் கவுண்டர் அட்டவணை ஒன்றை வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் லூப்புக்குள் லூப் இருக்கும் ஒரு சின்ன நிரலை வைத்து ஒவ்வொரு சைக்கிளாக எண்ணிப் பார்த்தபோது, "ஒரு பிட்டை விட இரண்டு பிட் மேல்" என்ற பழகிப்போன விடை பாதிக் கதைதான் என்று புரிந்தது. அந்த இரண்டு பிட்டை எங்கே வைக்கிறோம், எந்த மதிப்பில் தொடங்குகிறோம் என்பவை அதைவிடப் பெரிய கேள்விகளாக இருந்தன.

நிரல் இதுதான். 100 வரிசை, வரிசைக்கு 4 எண். எல்லாவற்றையும் கூட்டவேண்டும்.

```
      li   t0, 100
outer:
      li   t1, 4
inner:
      lw   t2, 0(a0)
      addi a0, a0, 4
      add  a1, a1, t2
      addi t1, t1, -1
      bnez t1, inner
      addi t0, t0, -1
      bnez t0, outer
```

இதில் இரண்டு பிராஞ்ச்கள் இருக்கின்றன. உள் பிராஞ்ச் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று முறை தாவும், நான்காவது முறை தாவாமல் கீழே இறங்கும். தாவுவதை 1 என்றும் தாவாததை 0 என்றும் எழுதினால் அதன் வரலாறு இப்படி நீளும்:

```
1110 1110 1110 1110 ...
```

வெளி பிராஞ்ச் 99 முறை தாவி, கடைசியில் ஒரே ஒரு முறை இறங்கும். அதை எந்தக் கணிப்பானும் சமாளித்துவிடும். சிக்கல் முழுவதும் உள் பிராஞ்சில்தான்.

ஒரு பிட் கணிப்பான் கடைசியாக நடந்ததை மட்டும் நினைவில் வைத்து, அதுவே மறுபடி நடக்கும் என்று சொல்லும். உள் லூப் முடியும்போது தாவாமல் இறங்குவது அதற்கு முதல் அடி. அப்புறம் வெளி லூப் அடுத்த சுற்றைத் தொடங்கும்போது, பிட்டில் "தாவாது" என்று பதிந்திருப்பதால் முதல் தாவலையும் தவறாகச் சொல்லும். அது இரண்டாவது அடி. ஒரே விதிவிலக்குக்கு இரண்டு தண்டனை. நான்கு முறை ஓடும் உள் லூப்பில் சுற்றுக்கு இரண்டு தவறு என்றால், பாதிக்குப் பாதி தவறு.

இரண்டு பிட் கவுண்டர் இந்த இரண்டாவது அடியைத் தவிர்க்கத்தான் இருக்கிறது. ஜேம்ஸ் ஸ்மித் 1981இல் பிராஞ்ச் கணிப்பு உத்திகளைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து பரவலாக அறியப்பட்ட அமைப்பு இது. கவுண்டரின் மதிப்பு 0 முதல் 3 வரை. தாவினால் ஒன்று கூடும், தாவாவிட்டால் ஒன்று குறையும். 3க்கு மேலே ஏறாது, 0க்குக் கீழே இறங்காது. மதிப்பு 2 அல்லது 3 என்றால் "தாவும்" என்று கணிக்கும். 0 அல்லது 1 என்றால் "தாவாது" என்று கணிக்கும். நம் உள் லூப் ஓடிக்கொண்டிருக்கும்போது மதிப்பு 3இல் நிற்கும். வெளியேறும்போது ஒரு தவறு, மதிப்பு 2 ஆகும். ஆனால் 2 என்பதும் "தாவும்" பக்கம்தான். அதனால் அடுத்த சுற்றின் முதல் தாவல் சரியாகவே கணிக்கப்பட்டு, மதிப்பு மீண்டும் 3க்கு ஏறிவிடும். சுற்றுக்கு ஒரே ஒரு தவறு.

கவுண்டர் 0இல் தொடங்கினால் முதல் சுற்றில் மட்டும் மூன்று தவறு வரும். மீதி 99 சுற்றுகளில் தலா ஒன்று. 400 முறை ஓடும் உள் பிராஞ்சில் மொத்தம் 102 தவறு. இதே இடத்தில் ஒரு பிட்டுக்கு 200. சரி, இதுவரை எல்லாப் பாடப்புத்தகங்களும் சொல்வதுதான்.

இனி பலரும் கேட்காத ஒரு கேள்வி. நினைவே இல்லாத ஒரு விதியை வைத்தால் என்ன ஆகும்? பிராஞ்ச் பின்னோக்கிப் போனால் தாவும், முன்னோக்கிப் போனால் தாவாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் நிலையான விதி அது. நம் இரண்டு பிராஞ்ச்களும் பின்னோக்கிப் போகிறவை. ஆக உள் பிராஞ்சில் 100 தவறு, வெளி பிராஞ்சில் 1 தவறு, மொத்தம் 101. இரண்டு பிட் கவுண்டரோ உள்ளே 102, வெளியே 3 என்று 105இல் நிற்கிறது. இந்த நிரலில் ஒரு பிட் நினைவகம்கூடத் தேவையில்லாத விதி, 512 இடங்கள் கொண்ட கவுண்டர் அட்டவணையை விட நான்கு தவறு குறைவாகச் செய்கிறது!

இது இரண்டு பிட் கவுண்டரைக் குறை சொல்வதற்காக அல்ல. முன்னோக்கிப் போகும் `if` பிராஞ்ச்கள் பெரும்பாலும் தாவுகிறவையா இல்லையா என்பது ஓடும்போதுதான் தெரியும். அங்கே நிலையான விதி திணறும், கவுண்டர் கற்றுக்கொள்ளும். ஆனால் லூப்புகளைக் காட்டி கவுண்டர் அட்டவணையை நியாயப்படுத்த முடியாது. லூப்பின் அடியில் இருக்கும் பிராஞ்சுக்கு இரண்டு பிட் கவுண்டர் தரும் அதிகபட்ச விடை, "எப்போதும் தாவும்" என்ற விடைதான். எப்போது வெளியேறுவது என்று அதற்கு ஒருபோதும் தெரியாது.

தவறுகளை எண்ணினால் போதாது, சைக்கிளை எண்ணவேண்டும். என் கோரில் பிராஞ்சின் முடிவு மூன்றாவது நிலையான எக்சிகியூட்டில் தெரியும். தவறாகக் கணித்தால் அதற்குள் எடுத்துவிட்ட இரண்டு கட்டளைகள் வீண்; இரண்டு சைக்கிள் இழப்பு. இது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. பலர் விட்டுவிடுவது இன்னொன்றை. "தாவும்" என்று சரியாகக் கணித்தால் மட்டும் போதாது, எங்கே தாவும் என்ற முகவரியும் வேண்டும். கட்டளையை டீகோட் செய்த பிறகே அந்த முகவரி கிடைக்கும் என்றால், சரியாகக் கணித்த ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு சைக்கிள் போய்விடும். கட்டளையை எடுக்கும்போதே முகவரி கையில் இருக்கவேண்டுமானால் பிடிபி எனப்படும் இலக்கு அட்டவணை தேவை: இந்த முகவரியில் ஒரு பிராஞ்ச் இருக்கிறது, தாவினால் இங்கே போகும் என்று குறித்துவைத்திருக்கும் அட்டவணை அது.

வெளி லூப்பின் ஒரு சுற்றில் 23 கட்டளைகள் ஓடுகின்றன. இழப்பே இல்லையென்றால் 23 சைக்கிள். கணிப்பான் பழகிய பிறகு, ஒவ்வொரு அமைப்பிலும் ஒரு சுற்றுக்கு ஆகும் சைக்கிள் இது:

| அமைப்பு | இழப்பு | சுற்றுக்கு சைக்கிள் |
|---|---|---|
| கணிப்பே இல்லை | 8 | 31 |
| ஒரு பிட் அட்டவணை, பிடிபி இல்லாமல் | 7 | 30 |
| நிலையான விதி, டீகோடில் | 6 | 29 |
| இரண்டு பிட் அட்டவணை, பிடிபி இல்லாமல் | 6 | 29 |
| ஒரு பிட் + பிடிபி | 4 | 27 |
| இரண்டு பிட் + பிடிபி | 2 | 25 |

மூன்றாவது, நான்காவது வரிகளைப் பாருங்கள். நிலையான விதியும், பிடிபி இல்லாத இரண்டு பிட் அட்டவணையும் ஒரே இடத்தில் நிற்கின்றன. அதற்கு அடுத்த வரி இன்னும் முக்கியம்: பிடிபியுடன் வரும் ஒரு பிட், பிடிபி இல்லாத இரண்டு பிட்டைத் தோற்கடிக்கிறது. தவறுகளின் எண்ணிக்கையில் இரண்டு மடங்கு மோசமாக இருந்தும் நேரத்தில் முந்திவிடுகிறது. கவுண்டருக்கு இன்னொரு பிட் சேர்ப்பதால் மிச்சமாவதை விட, முகவரியை முன்கூட்டியே தெரிந்துகொள்வதால் மிச்சமாவது அதிகம்.

விலையையும் பார்த்துவிடலாம். 512 இடங்கள் கொண்ட இரண்டு பிட் அட்டவணைக்கு 1024 பிட் ஆகும். 16 இடங்கள் கொண்ட நேரடிப் பொருத்தப் பிடிபியை எடுத்துக்கொண்டால், ஓர் இடத்துக்கு அடையாளம் 26 பிட், இலக்கு முகவரி 30 பிட், கவுண்டர் 2 பிட், செல்லுபடியா என்று சொல்லும் 1 பிட், ஆக 59. பதினாறு இடத்துக்கு 944. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. நிரலின் சூடான பகுதி சில லூப்புகள்தான் என்றால், அந்த விலைக்கு நான் தயங்காமல் பிடிபியைத்தான் எடுப்பேன். இரண்டு பிட் கவுண்டரையும் தனி அட்டவணையாக வைக்காமல் பிடிபியின் ஒவ்வோர் இடத்திலும் சேர்த்துவிடுவேன். 1993இல் வந்த முதல் பென்டியம் 256 இடங்களோடு செய்தது இந்த வகை அமைப்பைத்தான்.

அப்புறம் தொடக்க மதிப்பு. இந்த இடத்தில்தான் நான் சறுக்கினேன். பிராஞ்ச் முதன்முறை தாவும்போதுதான் அதற்குப் பிடிபியில் இடம் ஒதுக்குகிறோம். அப்போது கவுண்டரில் எந்த மதிப்பை எழுதுவது? தாவியிருக்கிறது, ஆனால் ஒரு தடவை பார்த்ததை வைத்து உறுதியாகச் சொல்லக் கூடாது, ஆகவே 2 என்று எழுதினேன். நிதானமான முடிவாகத்தான் தோன்றியது. 4 முறை ஓடும் உள் லூப்பில் எந்தக் குறையும் தெரியவில்லை. உள் லூப்பை 2 முறை மட்டும் ஓடும்படி மாற்றியபோது இப்படி நடந்தது: முதல் தாவல், இடம் இல்லாததால் தவறு, இடம் ஒதுக்கி 2 எழுதப்படுகிறது. அடுத்து வெளியேறுகிறது, "தாவும்" என்று சொன்னதால் தவறு, மதிப்பு 1. அடுத்த சுற்றில் தாவுகிறது; "தாவாது" என்று சொன்னதால் தவறு, மதிப்பு 2. மறுபடி வெளியேறுகிறது, தவறு, மதிப்பு 1. கவுண்டர் 1க்கும் 2க்கும் இடையே ஊஞ்சலாடிக்கொண்டே இருக்கிறது. நூற்றுக்கு நூறு தவறு. ஒரு பிட் கணிப்பானும் இதே லூப்பில் நூற்றுக்கு நூறு தவறுதான் செய்யும். இரண்டாவது பிட்டுக்குச் செலவு செய்தும் ஒரு பயனும் இல்லை.

இதைச் சரிபார்க்கச் சில வரிகள் போதும்:

```python
def misses(n, outer, s):
    m = 0
    for _ in range(outer):
        for j in range(n):
            t = j < n - 1
            if (s >= 2) != t:
                m += 1
            s = min(s + 1, 3) if t else max(s - 1, 0)
    return m

print([misses(2, 100, s) for s in range(4)])
print([misses(4, 100, s) for s in range(4)])
```

இது பிடிபி இல்லாத வெறும் கவுண்டரைக் கணக்கிடும் நிரல். முதல் வரி `[100, 200, 100, 100]` என்று வரும், இரண்டாவது வரி `[102, 101, 100, 100]`. நான்கு முறை ஓடும் லூப்பில் தொடக்க மதிப்பு எதுவானாலும் ஒன்றிரண்டு தவறுதான் வித்தியாசம். இரண்டு முறை ஓடும் லூப்பிலோ 1இல் தொடங்கினால் மட்டும் கவுண்டர் பொறியில் மாட்டுகிறது, மீளவே மாட்டாது. பிடிபியில் இடம் ஒதுக்கும்போது 2 என்று எழுதியது, அந்தத் தாவலுக்கு முன்னால் 1 இருந்ததற்குச் சமம். அதனால்தான் மாட்டியது.

இதைத் தீர்க்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கவுண்டரின் நகர்வையே மாற்றுவது. சில பாடங்களில் வரும் படத்தில் 1இல் இருக்கும்போது தாவினால் நேராக 3க்குப் போகும், 2இல் இருக்கும்போது தாவாவிட்டால் நேராக 0க்கு இறங்கும். இந்த அமைப்பு 1க்கும் 2க்கும் இடையே ஊஞ்சலாடாது. இரண்டு முறை ஓடும் லூப்பில் பாதி சரியாகிவிடும். ஆனால் அதற்கு வேறு இடத்தில் விலை கொடுக்கவேண்டும். உள் லூப் எப்போதும் ஒரே எண்ணிக்கையில் ஓடாமல், நான்கு எண் உள்ள வரிசை ஒன்று, ஒரே எண் உள்ள வரிசை ஒன்று என்று மாறி மாறி வந்தால் வரலாறு இப்படி இருக்கும்:

```
11100 11100 11100 ...
```

பெரும்பாலும் பூச்சியங்கள் நிறைந்த மேட்ரிக்ஸை வரிசை வரிசையாகச் சேமித்து ஓட்டும்போது வரக்கூடிய வடிவம் இது. சாதாரண இரண்டு பிட் கவுண்டர் இதில் ஐந்துக்கு மூன்று தவறு செய்யும்: இரண்டு வெளியேற்றம், அதன் பிறகு வரும் முதல் தாவல். மாற்றப்பட்ட அமைப்போ இரண்டு வெளியேற்றத்தில் 0 வரை விழுந்துவிடுவதால், அதிலிருந்து ஏற இரண்டு தாவலைத் தவறவிடும். ஐந்துக்கு நான்கு தவறு. ஒரு பொறியிலிருந்து தப்பித்து இன்னொரு பள்ளத்தில் விழுவதுபோல.

இரண்டாவது வழி எளிமையானது, நான் எடுத்ததும் அதுதான்: கூட்டிக் குறைக்கும் சாதாரணக் கவுண்டரை அப்படியே வைத்துக்கொண்டு, இடம் ஒதுக்கும்போது 2க்குப் பதிலாக 3 எழுதுவது. முதல் வெளியேற்றத்தில் 2க்கு இறங்கும், அடுத்த தாவல் சரியாகக் கணிக்கப்படும், மீண்டும் 3. லூப்பின் சோதனை அடியில் இல்லாமல் தலையில் இருந்து, வரலாறு தாவாமையில் தொடங்கினாலும் இது மாட்டாது. ஏனென்றால் தாவும்வரை பிடிபியில் இடமே கிடையாது, தாவிய உடனே மதிப்பு 3. தனி அட்டவணையில் இந்த வசதி இல்லை. அங்கே எல்லா இடத்தையும் 1 என்று தொடங்கினால் அடியில் சோதித்து இரண்டு முறை ஓடும் லூப் மாட்டும். 2 என்று தொடங்கினால் தலையில் சோதித்து ஒரே முறை ஓடும் லூப் மாட்டும்.

தனி அட்டவணையில் இன்னொரு தொல்லையும் உண்டு. அதில் அடையாளம் இல்லை. 512 இடங்கள் என்றால், 2048 பைட் தள்ளி இருக்கும் இரண்டு பிராஞ்ச்கள் ஒரே கவுண்டரைப் பகிர்ந்துகொள்ளும். வெளி லூப்பில் அழைக்கப்படும் ஒரு ஃபங்ஷனில் ஒருபோதும் தாவாத பிழைச் சோதனை ஒன்று இருந்து, அது உள் பிராஞ்சின் கவுண்டரிலேயே வந்து விழுந்தால், அந்தக் கவுண்டருக்குத் தெரிவது மேலே பார்த்த அதே 11100 வடிவம்தான். சுற்றுக்கு ஒரு தவறு மூன்றாகிவிடும். சம்பந்தமே இல்லாத இடத்தில் ஒரு கட்டளை சேர்த்ததும் லூப்பின் வேகம் மாறுகிறதென்றால், நான் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன். பிடிபியில் அடையாளம் இருப்பதால் ஒருவர் கவுண்டரை இன்னொருவர் கெடுக்க முடியாது. ஆனால் 16 இட நேரடிப் பொருத்தத்தில் ஒருவரை ஒருவர் வெளியே தள்ளமுடியும்: வெளி பிராஞ்ச் உள் பிராஞ்சிலிருந்து சரியாக 64 பைட்டின் மடங்கில் இருந்தால், சுற்றுக்கு ஒரு முறை இருவரும் இடம் பிடுங்கிக்கொள்வார்கள். அங்கேயும் சுற்றுக்கு மூன்று தவறு. அதே 16 இடத்தை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒரு வரிசைக்கு இரண்டு இடம் என்று அமைத்தால் இது தீரும். நான் அப்படித்தான் மாற்றினேன். எஃப்பிஜிஏவில் கூடுதல் ஒப்பிடும் சுற்று ஒன்று சேர்ந்தது, அவ்வளவுதான்.

உங்கள் கோர் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய, உள் லூப்பின் எண்ணிக்கையை 1, 2, 3, 4 என்று மாற்றி, `rdcycle` கொண்டு அளந்து, சுற்றுக்கு எத்தனை சைக்கிள் என்று பாருங்கள். இரண்டு பிட் + பிடிபி ஒழுங்காக இருந்தால் 8, 15, 20, 25 என்று வரவேண்டும். எனக்கு 8, 17, 20, 25 வந்தது. இரண்டில் மட்டும் இரண்டு சைக்கிள் கூடுதல், மூன்றில் மறுபடி சரி. அந்த ஒற்றை மேடுதான் ஊஞ்சலின் தடயம். ஒரு பிட் என்றால் இரண்டிலிருந்து எல்லாமே இரண்டு சைக்கிள் கூடி 17, 22, 27 என்று போகும். இன்றைய மேசைக்கணினியில் `perf stat` போட்டு இதைத் தேடினால் கிடைக்காது. அவற்றின் கணிப்பான்கள் நீண்ட வரலாற்றை வைத்திருப்பதால், நான்கு முறை ஓடும் லூப்பின் வெளியேற்றத்தை எளிதாகக் கற்றுக்கொண்டுவிடும்.

அந்த வரலாற்று வகையை நானே வைத்திருக்கலாமே என்ற கேள்வி வரும். யே, பாட் என்ற இரு ஆய்வாளர்கள் 1991இல் வெளியிட்ட இரண்டடுக்கு யோசனை அது: ஒவ்வொரு பிராஞ்சுக்கும் கடைசிச் சில முடிவுகளைப் பதிந்துவைத்து, அந்தப் பதிவை வைத்துக் கவுண்டரைத் தேர்ந்தெடுப்பது. நம் 1110 வடிவத்துக்கு மூன்று பிட் வரலாறு போதும். கடைசி மூன்றும் தாவல் என்றால் இப்போது வெளியேறும், வேறு எதுவானாலும் தாவும். பழகியதும் தவறே இருக்காது, சுற்றுக்கு 23 சைக்கிள். ஆனால் எட்டு முறை ஓடும் லூப்புக்கு ஏழு பிட் வரலாறு வேண்டும், அறுபத்து நான்கு முறை ஓடுவதற்கு 63. அவ்வளவு நீண்ட லூப்பில் ஒரு தவறு என்பது 320 கட்டளைகளுக்கு இரண்டு சைக்கிள். அதைத் துரத்துவதில் பொருளில்லை. ஆக வரலாறு உதவுவது குட்டையான உள் லூப்புகளில்தான். அங்கே என் கோருக்கு அது தருவது 25க்குப் பதில் 23. தவறு ஒன்றுக்கு 15 சைக்கிள் போகும் ஆழமான பைப்லைன் என்றால் 38க்கும் 23க்கும் உள்ள வேறுபாடாகிவிடும். அப்போது நான் வேறு முடிவெடுப்பேன். 2003இல் வந்த பென்டியம் எம் இதற்கென்றே, லூப் எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணும் தனிப் பகுதியை வைத்திருந்தது.

இன்னொரு தேர்வு, வன்பொருளில் கை வைக்காமலே செய்யக்கூடியது. உள் லூப் நான்கு முறைதான் என்று முன்பே தெரிந்திருந்தால் அதை விரித்து எழுதிவிடலாம்: நான்கு `lw`, நான்கு `add`, இரண்டு `addi`, ஒரு `bnez`. சுற்றுக்கு 11 கட்டளை. கணிப்பே இல்லாத கோரிலும் 13 சைக்கிளில் முடியும். மேலே இருக்கும் அட்டவணையின் எந்த வரியும் இதன் அருகில் வராது. எண்ணிக்கை நிலையானது என்றால் முதலில் இதைச் செய்துவிட்டுத்தான் கணிப்பானைப் பற்றி யோசிக்கவேண்டும் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். வரிசையின் நீளம் தரவோடு வந்தால் இந்த வழி மூடிவிடும்.

என் கோரில் இப்போது இருப்பது 16 இடப் பிடிபி, வரிசைக்கு இரண்டாக. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு பிட் கவுண்டர், ஒதுக்கும்போது 3. பிடிபியில் இல்லாத பிராஞ்சுக்கு டீகோடில் நிலையான விதி. இந்தக் கடைசிச் சேர்க்கைக்கு ஆகும் செலவு தாவல் தூரத்தின் குறி பிட்டைப் பார்ப்பதும் ஒரு முகவரிக் கூட்டியும்தான். பின்னோக்கிய பிராஞ்ச் முதன்முறை வரும்போது இரண்டு சைக்கிளுக்குப் பதில் ஒன்றுதான் போகிறது.